மூன்று பிறைக் குமிழ்

ஜனவரி 2, வெள்ளி – மானாமதுரை

மாட்டுத்தாவணியில் பஸ் ஏறும்போதே அப்பத்தா மஞ்சப்பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். மேலே வைக்கிறேன் என்று கண்டக்டர் கேட்டும் கொடுக்கவில்லை. உள்ளே பழைய துண்டில் சுற்றிய ஒரு மண்கட்டி. எங்கள் ஊர் வீட்டுக் கொடி அடுப்பின் குமிழ் அது. பானை உட்கார அடுப்பு வாயைச் சுற்றி மூன்று குமிழ் இருக்குமே, அதில் ஒன்று.

போன ஐப்பசி மழையில் ஊர் வீட்டு அடுப்படியின் ஓட்டுக்கூரை அப்படியே இறங்கிவிட்டது. ஆள் இல்லாத வீடு, சொல்லி அனுப்பிய பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. நாங்கள் போய்ச் சேர்வதற்குள் அடுப்பு பாதி கரைந்திருந்தது. அப்பத்தா ஓட்டுத்துண்டுகளை விலக்கி இந்த ஒரு குமிழை மட்டும் எடுத்துக்கொண்டார். மதுரைக்கு வந்து இரண்டு மாதம் எதுவும் சொல்லவில்லை. மார்கழி பிறந்ததும், "அந்த அடுப்புக்காரியவே பாத்து இன்னொன்னு போட்டுறணும்யா. பொங்க அங்கதான் வைக்கணும்" என்றார்.

அடுப்புக்காரியின் பெயர் அப்பத்தாவுக்குத் தெரியாது. 1974-ல் அப்பத்தா கல்யாணமாகி வந்த மறுமாதம் அந்தப் பெண் வீட்டுக்கு வந்து, இரண்டு நாள் திண்ணையில் படுத்து, அடுப்பு போட்டுவிட்டுப் போயிருக்கிறார். கூலி ஒரு மரக்கால் நெல். அப்பத்தாவுக்கு இடக்கை. பெரிய அடுப்பின் தீயிலேயே எரியும் பக்க அடுப்பான கொடி எல்லார் வீட்டிலும் வலப்பக்கம் இருக்க, இவர் அகப்பையைப் பிடிப்பதைப் பார்த்துவிட்டு, கேட்காமலேயே கொடியை இடப்பக்கம் திருப்பி வைத்தாராம். "அப்ப எனக்குப் பத்தொம்பது வயசு. அந்த வீட்டுல என் கையப் பாத்த மொத ஆளு அவதான்." மானாமதுரைக்காரி என்பது மட்டும் நிச்சயம் என்றார். அதை நம்பித்தான் கிளம்பினோம்.

ஒன்றரை மணி நேரப் பயணம். இறங்கியதும் தூறல். பஸ் ஸ்டாண்டுக்கு வெளியே பனங்கிழங்கு, கட்டு 50 ரூபாய். அவித்தது இரண்டு வாங்கி, நார் உரித்துத் தின்றுகொண்டே மண்பாண்டத் தெருவைக் கேட்டோம். கேட்ட முதல் ஆளே சைக்கிளைத் திருப்பிக்கொண்டு கூடவே வந்து தெருமுனையில் விட்டுவிட்டுப் போனார்.

தெரு முழுக்கப் பொங்கல் பானை. ஆனால் எல்லாம் வீட்டுக்குள்ளும் தாழ்வாரத்திலும் அடைந்து கிடந்தன. வெயில் இல்லாததால் எதுவும் காயவில்லை, காயாததைச் சூளையில் ஏற்றினால் வெடித்துவிடும். 2023-ல் இந்த ஊர் மண்பாண்டத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது என்று ஒரு வீட்டு வாசலில் ஒருவர் பெருமையாகச் சொன்னார். சொல்லிக்கொண்டே கண் மட்டும் மேகத்தில் இருந்தது.

நான்காவது வீட்டில் ஒரு பெரியவர் சக்கரத்தை நிறுத்திவிட்டுக் குமிழை வாங்கிப் பார்த்தார். ஐம்பது ஆண்டுப் பொருளை ஒருவர் கையில் கொடுத்துவிட்டு எதிரில் நிற்பது எப்படி இருக்கும் என்று அப்போது தெரிந்தது. அவர் முகர்ந்தார். நகத்தால் ஒரு பக்கம் சுரண்டினார், பிறகு மறுபக்கம். தீ பட்ட உட்பக்கம் செங்கல் நிறம், நடுவில் கறுப்பு, வெளிப்பக்கம் சாதாரண மண் நிறம். அப்பத்தாவிடம் கேட்டுக்கொண்டு வெளிப்பக்கத்தில் ஒரு சுண்டைக்காய் அளவு உடைத்து, கை கழுவும் சட்டித் தண்ணீரில் போட்டார். ஒரு நிமிடத்தில் அது பொருபொருவென்று உதிர்ந்து அடியில் சேறாகப் படிந்தது. உட்பக்கத்துத் துணுக்கு ஒன்றையும் போட்டார். அது கல் மாதிரி கிடந்தது.

"இது சூளையப் பாக்கவே இல்லத்தா. நீங்க சோறாக்கி ஆக்கி வெந்த மண்ணு. தீ பட்ட எடம் மட்டும் ஓடாயிருக்கு, மத்ததெல்லாம் பச்சை மண்ணுதான்."

உடைந்த இடத்தை வெளிச்சத்தில் காட்டினார். நெல்மணி வடிவத்தில் சின்னச்சின்னக் குழிகள், சிலவற்றில் வெள்ளைச் சாம்பல். உமி போட்ட மண். உமி எரிந்துபோனால் அந்த இடம் குழியாகும், சூட்டில் மண் விரிந்து சுருங்க இடம் கிடைக்கும், விரிசல் ஓடாது. "நாங்க சக்கரத்து மண்ணுல உமி போட மாட்டோம், கைய அறுத்துரும்" என்றார்.

பிறகு விரல்நுனியில் ஒரு வெள்ளைப் பொட்டைக் காட்டினார். சுக்காங்கல். சுண்ணாம்புக் கல்லின் துணுக்கு. "இந்த மண்ண நாங்க தொடவே மாட்டோம். சூளையில வெந்து வெளிய வந்த பொறவு காத்து ஈரம் பட்டா இது பூரிச்சு, சட்டியத் தெறிக்க விட்டுரும். அடுப்புக்குக் கொறை இல்ல, அது அம்புட்டு வேகாது. ஆத்தா, இது எங்க ஊரு மண்ணும் இல்ல, எங்க ஊரு கையும் இல்ல."

அப்பத்தா ஒன்றும் சொல்லவில்லை. உள்ளிருந்து அந்த வீட்டம்மா செம்பில் தண்ணீரும், எங்கள் இருவருக்கும் கடுங்காப்பியும் கொண்டுவந்தார். அரைமணி நேர வேலையைக் கெடுத்துவிட்டோமே என்று நான் பணம் எடுத்ததும் பெரியவர் கையை மறித்துவிட்டார். ஓர் ஒற்றை அடுப்பாவது வாங்கிக்கொள்கிறோம் என்று விலை கேட்டேன். 250 என்றார். வாங்கப் போனபோது அவரே, "ஆத்தா மனசு இதுல இல்ல. வேணாம் தம்பி" என்றார். விற்கிறவர் இப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை.

இரவு 800 ரூபாய்க்கு ஒரு லாட்ஜ். கொசு. ஃபேன் ஒரே வேகத்தில்தான் சுற்றும், அப்பத்தாவுக்குக் குளிர். என் வேட்டியையும் சேர்த்துப் போர்த்திவிட்டேன். விளக்கை அணைத்த பிறகு இருட்டில் கேட்டார்: "வெள்ளக்கல்லுன்னானே. நம்ம ஊரு கம்மாய்ல கெடக்குமேய்யா, நீ கூட சின்னப்பிள்ளையில பொறுக்கி வச்சு வெளாடுவ."

ஜனவரி 3, சனி – ஊர்

காலையில் நான்கு இட்லி, ஒரு வடை, காப்பி. இருவருக்கும் சேர்த்து 110. சாம்பாரில் குண்டு மிளகாய் வாசம் தூக்கலாக இருந்தது. அப்பத்தா இரண்டு முறை வாங்கிக்கொண்டார்.

எங்கள் ஊர் இளையான்குடிப் பக்கம். டவுன் பஸ்ஸில் அப்பத்தாவுக்குக் காசில்லா டிக்கெட். அந்தச் சீட்டையும் கவனமாக மடித்து மஞ்சப்பையில் வைத்துக்கொண்டார். வழியெல்லாம் ஒரே யோசனை. இறங்குவதற்கு முன்னால் சொன்னார்: "அவ மானாமருதச் சட்டி நாலு தலையில வச்சு வித்துக்கிட்டு வந்தாய்யா. அதான் நான் அந்த ஊருக்காரின்னு நெனச்சுட்டேன் போல." ஐம்பது வருஷம் உறுதியாக இருந்த ஒன்று பஸ் சீட்டில் இப்படிக் கழன்று விழுந்தது. எனக்கு அவரைப் பார்க்கவே பாவமாக இருந்தது.

கண்மாய்க்குப் போனோம். தண்ணீர் முக்கால் மட்டம். கரையடியில் மாடுகள் மிதித்த இடத்தில் மண்ணைக் கிள்ளிப் பார்த்தேன். அரிசி அளவுக்கு வெள்ளைத் துணுக்குகள், அதே மாதிரி. அப்படியென்றால் அடுப்புக்காரி மண்ணைக் கொண்டுவரவில்லை. வந்த ஊர் மண்ணிலேயே அடுப்பு போட்டிருக்கிறார். அது தெரிந்ததால் ஆள் எங்கே என்பது தெரிந்துவிடாது. மண் எங்கள் ஊரோடது, கை எந்த ஊரோடது?

அப்பத்தாதான் வழி கண்டுபிடித்தார். குமிழின் தலையில் நகத்தால் அழுத்திய மூன்று பிறைக் கீறல் இருக்கிறது. "நம்ம வீட்டுக்கு மட்டுமா போட்டுருப்பா?" என்று வீடு வீடாகப் போகத் தொடங்கினார். பெரும்பாலான வீடுகளில் கேஸ். பழைய அடுப்படிகளை இடித்துக் கட்டிவிட்டார்கள். போன இடத்திலெல்லாம் காப்பி, மிக்சர், பூர்வீகக் கதை. மூன்று மணி வாக்கில் அப்பத்தாவுக்குக் கால் வீங்கிவிட்டது. நாளைக்குப் பார்க்கலாம் என்றால் கேட்கவில்லை.

மேலத்தெருவில் ஒரு கொல்லைப்புறம். மாட்டுக்குப் பருத்திக்கொட்டை அவிக்கிற அடுப்பு. குமிழில் சாணிப்பூச்சு தடிப்பாக ஏறிக் கிடந்தது. அப்பத்தா குனிந்து கட்டைவிரலால் தேய்த்தார். பூச்சு பொரிந்து விழுந்து, அடியில் மூன்று பிறை தெரிந்தது.

அந்த வீட்டுக்காரர் சாதாரணமாகச் சொன்னார்: "எங்க அம்மா காலத்துல போட்டது. அந்தக் கிழவி இருக்கே. அடுத்த ஊருலதான், மக வீட்டுல. இங்கருந்து மூணு கிலோமீட்டர் இருக்குமா?"

ஐம்பது வருஷமாக மூன்று கிலோமீட்டர். அப்பத்தா மாட்டுத்தொழுவத்துக் கல்லில் உட்கார்ந்துகொண்டு கொஞ்ச நேரம் எழுந்திருக்கவில்லை.

இரவு சித்தப்பா வீட்டில் தங்கினோம். கருவாட்டுக் குழம்பு, கத்தரிக்காய் போட்டது. இதற்காக மட்டுமே இன்னொரு நாள் தங்கலாம்.

ஜனவரி 4, ஞாயிறு – அடுத்த ஊர்

மழை விட்டு நல்ல வெயில். ஷேர் ஆட்டோ, தலைக்கு 20.

அடுப்புக்காரம்மாவுக்கு எண்பதைத் தாண்டியிருக்கும். கண் இரண்டும் பூத்துப்போயிருந்தன. வாசல் வேப்பமரத்தடியில் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். எங்கள் ஊர், வீட்டு அடையாளம், வருஷம் எல்லாம் அப்பத்தா சொல்லச்சொல்ல, "எத்தனையோ வீடு தாயி" என்று மட்டும் சொன்னார். நினைவில்லை. இடக்கையைச் சொன்னபோதும் நினைவில்லை. அப்பத்தாவின் முகம் சுருங்கியது.

பிறகு குமிழை அவர் கையில் வைத்தார்.

அந்தம்மா அதைத் திருப்பித் திருப்பித் தடவினார். கட்டைவிரல் பிறைகளின் மேல் போகவே இல்லை. குமிழின் உயரத்தை மேலிருந்து கீழே ஆட்காட்டி விரலைப் படுக்க வைத்து அளந்தார். இன்னொரு முறை அளந்தார்.

"கட்டையாப் போச்சே. ஒரு வெரக்கடை கூட இல்ல. தாயி, பொகை திரும்புச்சா?"

அப்பத்தா அசையாமல் நின்றார்.

"என்ன பாத்திரம் வச்சு ஆக்குன?"

"மண்பானைதான்."

"நான் உங்க வீட்டுச் சீர்ப் பாத்திரத்த வச்சு அளந்திருப்பேன். பித்தளை, தட்டையடி. குமிழு மேலயே நிக்கும், சுத்தி எடவெளி இருக்கும். மண்பானை உருண்டையடி. அது வாய்க்குள்ள எறங்கி உக்காந்துரும். பொகை போக எடம் இல்லாம முன்வாய் வழியாத் திரும்பும். அப்ப எனக்கு அந்த வெவரம் பத்தாது. பின்னால ஒரு வீட்டுல ஒருத்தி கண்ணு செவந்து நிக்கிறதப் பாத்துத்தான் தெரிஞ்சுக்கிட்டேன். அதுக்குப் பொறவு ஒன்ற வெரக்கடைக்குக் கொறைச்சதில்ல. ஒனக்கு வந்து சொல்லலயே நான்."

அப்பத்தா மெல்ல அவர் பக்கத்தில் கட்டிலில் உட்கார்ந்தார். "ஈர வெறகத் திணிக்கிறேன்னு என் மாமியா ஏசும். நானும் அப்படித்தான் நெனச்சேன். வெறகக் காய வச்சு காய வச்சுப் பாத்தேன்."

"வெறகு மேல குத்தமில்ல தாயி. என் மேலதான்."

இருவரும் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நான் தள்ளிப் போய் நின்றுகொண்டேன். அப்பத்தாவுக்கு இருமல் உண்டு. அந்த அடுப்படியின் சுவர் எவ்வளவு கறுப்பாக இருந்தது என்பது நான் சின்ன வயதில் விரலால் கோடு போட்டு விளையாடிய சுவர் என்பதால் எனக்குத் தெரியும்.

கிளம்பும்போதுதான் பிறைகளைப் பற்றிக் கேட்டேன், உங்கள் அடையாளமா என்று. "அடையாளம் எதுக்குய்யா? வழவழன்னு விட்டா பானை வழுக்கும். அதுக்குக் கீறி விடுறது."

மதியத்துக்கு மேல் அவரையும் மகளையும் ஆட்டோவில் ஊருக்கு அழைத்து வந்தோம். போகவர 300 பேசிய டிரைவர், விஷயம் தெரிந்ததும் 200 போதும் என்றார். மண் கிடைக்கச் சிக்கல் இல்லை. இடிந்த அடுப்பின் மண்ணிலேயே வேகாத பகுதி நிறையக் கிடந்தது. சித்தப்பா வயலில் வண்டல் இரண்டு கூடை. ஊற வைத்துவிட்டு, அவர்கள் இருவரையும் அன்றைக்கு எங்களோடேயே தங்க வைத்தோம். இந்த முறை திண்ணையில் இல்லை, வீட்டுக்குள்.

ஜனவரி 5, திங்கள்

லீவை ஒரு நாள் நீட்டிக்கொண்டேன்.

மூன்று கூடை மண்ணுக்கு ஒரு கூடை ஆற்றுமணல், அரைக்கூடை உமி. மிதித்தது நான். கணுக்கால் வரை இழுக்கிற மண் அது, அரைமணி நேரத்தில் தொடை நடுங்கியது. பதம் பார்க்கிற விதத்தை மகள் காட்டினார். சுண்டுவிரல் தடிப்புக்கு ஒரு திரி உருட்டி, விரலைச் சுற்றி வளைத்தார். வெளிப்பக்கம் வெடித்தால் மணல் கூடிவிட்டது. வெடிக்காமல் கையில் ஒட்டி இழுத்தால் மணல் போதவில்லை, காயும்போது பிளக்கும். முதல் தடவை ஒட்டியது. இன்னும் நான்கு சிரங்கை மணல். அடுத்த திரி வெடிக்காமல் வளைந்தது.

அடுப்படிக்கு இன்னும் கூரை இல்லை. முற்றத்தில், கிழக்குச் சுவரோரம் இடம். மகளின் கை வேலை செய்ய, அடுப்புக்காரம்மா பலகையில் உட்கார்ந்து, ஒவ்வொரு கட்டத்திலும் தடவிப் பார்த்துச் சொன்னார். சுவர் மூன்று விரக்கடைத் தடிப்பு. வாய் அப்பத்தாவின் கையால் ஒரு சாண். பெரிய அடுப்பிலிருந்து கொடிக்குத் தீ போகும் துளை மூன்று விரல் நுழையும் அளவு, கொஞ்சம் மேல்நோக்கி. கீழே வைத்தால் சாம்பல் அடைத்துக்கொள்ளும். கொடி இடப்பக்கம்.

குமிழ் வைக்கும் முன்னால் அப்பத்தாவைப் பானை கொண்டுவரச் சொன்னார். சித்தி எவர்சில்வர் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு வந்ததும், "அது வேணாம், ஆக்குற பானை" என்றார். மண்பானை வந்தது. ஈரமண் பாரம் தாங்காது என்பதால் பானையை மகள் கையில் தூக்கிப் பிடிக்க, அந்தம்மா இடைவெளிக்குள் விரலை விட்டுச் சுற்றி வந்தார். ஒன்றரை விரக்கடை. அதற்கு மேல் கால் விரக்கடை கூட்டினார்கள், மண் காய்ந்தால் சுருங்கும். இன்னும் ஏற்றினால் புகையே இருக்காதே என்று கேட்டேன். "தீயும் இருக்காது. அம்புட்டும் வெளிய ஓடிப்போகும், வெறகு தின்னுக்கிட்டே இருக்கும்."

கடைசியில் மூன்று குமிழிலும் கீறல் போட அப்பத்தாவைக் கூப்பிட்டார். அப்பத்தா இடக்கை நகத்தால் அழுத்தினார்.

கூலி எவ்வளவு என்று கேட்டதற்கு அடுப்புக்காரம்மா வாங்க மறுத்துவிட்டார். மகளுக்கு 1,000 ரூபாயும், வண்டி வரும்வரை அப்பத்தா பிடிவாதமாக அளந்து கொடுத்த ஒரு மரக்கால் நெல்லும் போனது. நெல்லை மட்டும் அந்தம்மாவே மடியில் வாங்கிக்கொண்டார்.

ஜனவரி 11, ஞாயிறு – மதுரையிலிருந்து

சித்தி போன் செய்தார். இரண்டு நாள் ஈரச்சாக்கு போட்டு மூடி, பிறகு நிழலிலேயே காய விட்டிருந்தார்கள். வெயிலில் விட்டால் மேல்மண் முந்திக் காய்ந்து, உள்மண் இழுத்து, விரிசல் விடும். அப்படியும் கொடி சேரும் மூலையில் ஒரு விரிசல், இரண்டு அங்குலம். அடுப்புக்காரம்மா முன்கூட்டியே சொன்ன அதே இடம். அதே மண்ணைக் கூழாகக் கரைத்து அடைத்து, மேலே சாணிப்பால் பூசிவிட்டாராம். தினமும் மாலையில் கொஞ்சம் வைக்கோலை மட்டும் எரிக்கச் சொல்லியிருக்கிறார்கள். எடுத்த எடுப்பில் கட்டை விறகு வைத்தால் உள்ளே மிச்சமிருக்கிற ஈரம் ஆவியாகிச் சுவரைப் பிளந்துவிடும்.

ஜனவரி 15, வியாழன் – பொங்கல், ஊர்

அடுப்புக்குச் சுண்ணாம்பும் காவியும் பட்டை போட்டிருந்தது. அடுப்புக்காரம்மாவைக் கூப்பிடக் காலையிலேயே ஆட்டோ அனுப்பினோம். அப்பத்தா கிழக்கு பார்க்க உட்கார்ந்து, பானையை ஏற்றி, இடக்கையால் தீ மூட்டினார்.

பனையோலை பிடித்து எரியும்வரை நன்றாக இருந்தது. கட்டை விறகை வைத்ததும் முன்வாயில் புகை வந்தது. வெள்ளையாக, திரும்பி, அப்பத்தாவின் முகத்துக்கு நேராக. எல்லாரும் அடுப்புக்காரம்மாவைப் பார்த்தோம். அவருக்குக் கண் தெரியாவிட்டாலும் மூக்குக்குத் தெரிந்துவிட்டது. கட்டிலிலிருந்து எழுந்திருக்கப் பார்த்தார்.

"நீ உக்காரு தாயி" என்றார் அப்பத்தா. விறகை உருவி, அடிக்கட்டையைத் தொட்டுப் பார்த்தார். அறுபட்ட முனையில் தண்ணீர் நுரைத்துக்கொண்டிருந்தது.

"இது வெறகு. நேத்து மழையில நனைஞ்சிருக்கு. யய்யா, உள்ள காஞ்சது கெடக்கு, எடுத்தா."